விற்காத நூலுக்கு என்ன விலை?
சரக்கிருப்பை மதிப்பிடும் இரு முறைகள்

ஆண்டுக் கணக்கை முடிக்கும் மார்ச்சு 31-ஆம் தேதி, சிறு வியாபாரி ஒருவர் செய்தாக வேண்டிய வேலைகள் இரண்டு உண்டு. கடையிலும் கிடங்கிலும் விற்காமல் நிற்கும் சரக்கை எண்ணுவது ஒன்று. எண்ணிய சரக்குக்கு விலை போடுவது மற்றொன்று. எண்ணிக்கையில் இருவருக்குள் வேறுபாடு தோன்றினால் மறுபடியும் எண்ணித் தீர்த்துக்கொள்ளலாம். விலை போடுவதில் வேறுபாடு தோன்றினாலோ, எத்தனை முறை எண்ணியும் பயனில்லை. ஒரே சரக்கு, ஒரே கொள்முதல் பட்டியல்கள், ஒரே விற்பனை. எனினும் இருவர் கணக்கிட்ட இலாபம் இரண்டு விதமாக நிற்கும். இரண்டும் நேர்மையான கணக்காகவே இருக்கவும் கூடும்.

சங்கங்களின் கணக்குகளைப் பார்வையிடச் செல்லும் நம்மிடம், அங்கத்தினர்களுள் சொந்தமாகக் கடை வைத்திருப்போர் இந்த ஐயத்தை அடிக்கடி எழுப்புகின்றனர். முதலில் வாங்கியதே முதலில் விற்றதாகக் கொண்டு மதிப்பிடுவதா, அல்லது வாங்கியவற்றையெல்லாம் கலந்து சராசரி விலை போடுவதா என்பதே அவர்களது கேள்வி. ஒரு நூல் கடையின் கணக்கை எடுத்துக்கொண்டு இதனை இங்கே ஆராய்வோம்.

இருப்பு எதற்காகக் கணக்கில் ஏறுகிறது?

வியாபாரக் கணக்கின் ஒரு பக்கத்தில் தொடக்கச் சரக்கிருப்பும் கொள்முதலும் ஏறுகின்றன. மறு பக்கத்தில் விற்பனை ஏறுகிறது. வாங்கிய சரக்கெல்லாம் விற்றுவிட்டால் கணக்கு அத்துடன் முடிந்தது. ஆனால் ஒரு பகுதி விற்காமல் நிற்கும்போது, அதற்குக் கொடுத்த பணமும் செலவுப் பக்கத்தில் சேர்ந்தே இருக்கிறது. விற்காத பொருளின் செலவை விற்ற பொருளின் வருமானத்தோடு ஒட்டிப் பார்ப்பது முறையன்று. ஆகவே அந்தச் செலவை ஈடுசெய்யும் பொருட்டு, இறுதிச் சரக்கிருப்பை வரவுப் பக்கத்தில் எழுதுகிறோம்.

இருப்பு மதிப்பு என்பது வருங்காலத்தில் கிடைக்கக்கூடிய இலாபத்தை இன்றே எழுதிக்கொள்வதற்கான இடமன்று. 1953-ஆம் ஆண்டில் செயின்ரூப் சம்பத்ராம் என்ற வழக்கில் நமது உச்ச நீதிமன்றம் இதனை விளக்கியிருக்கிறது. விற்காத சரக்கின் செலவைச் சரிக்கட்டுவதே இறுதி இருப்பை எழுதுவதன் நோக்கம். சந்தையில் ஏறிய விலையை வருமானமாக்குவது அதன் நோக்கமன்று என்பது அத்தீர்ப்பின் கருத்து. எனவே நாம் தேடுவது, விற்காத இந்தக் கட்டுகளுக்காக நாம் என்ன கொடுத்தோம் என்பதற்கான விடையையே. இன்று விற்றால் என்ன வரும் என்பது வேறு கேள்வி; அதற்குப் பின்னர் வருவோம்.

அடக்க விலையில் எவை சேரும்?

முறையைத் தேர்ந்தெடுக்கும் முன்பு, ஒவ்வொரு கொள்முதலின் அடக்க விலையும் சரியாக இருத்தல் வேண்டும். பட்டியலில் உள்ள விலை, லாரி வாடகை, இறக்குக் கூலி ஆகியவை அடக்கத்தில் சேரும். மொத்தமாக வாங்கியதற்கு ஆலையோ முகவரோ கொடுத்த தள்ளுபடியை அதிலிருந்து கழித்துவிட வேண்டும். செலுத்திய ஜி.எஸ்.டி.யை உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுத்துக்கொள்ளும் வியாபாரி, தமது புத்தகத்தில் அந்த வரியை அடக்கத்தோடு சேர்ப்பதில்லை. தொகுப்பு வரித் திட்டத்தில் இருப்பவருக்கு அந்த வரி திரும்ப வாராது. ஆதலால் அவருக்கு அதுவும் அடக்கமே. கடை வாடகை, கணக்கர் சம்பளம், விற்பனைக்கான செலவு ஆகியவை அந்தந்த ஆண்டின் செலவுகள். இவற்றை இருப்பின் மேல் ஏற்றலாகாது.

ஒரு நூல் கடையின் கணக்கு

கைலி நெய்வோர் மிகுந்த ஓர் ஊரில், அண்ணன் தம்பி இருவர் சம பங்காளிகளாக ஒரு நூல் கடை நடத்துவதாகக் கொள்வோம். கணக்கு எளிதாக விளங்கும் பொருட்டு, 40-ஆம் நம்பர் சிட்டா நூல் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். ஒரே ஆலையின் நூல். ஐந்து கிலோ கொண்டது ஒரு கட்டு. கீழே காணும் விலைகள் யாவும் கூலியும் வாடகையும் சேர்ந்த அடக்க விலைகள். விளக்கத்திற்காக நாம் அமைத்துக்கொண்டவை.

ஏப்ரல் 1, தொடக்க இருப்பு: 40 கட்டு, கட்டு ரூ. 1,425 வீதம் ரூ. 57,000
ஜூன் கொள்முதல்: 100 கட்டு, ரூ. 1,450 வீதம் ரூ. 1,45,000
அக்டோபர் கொள்முதல்: 100 கட்டு, ரூ. 1,550 வீதம் ரூ. 1,55,000
ஜனவரி கொள்முதல்: 60 கட்டு, ரூ. 1,650 வீதம் ரூ. 99,000
ஆக மொத்தம்: 300 கட்டு, ரூ. 4,56,000

ஆண்டில் விற்றது 220 கட்டு. விற்பனைத் தொகை ரூ. 3,60,000. மார்ச்சு 31 அன்று எண்ணிப் பார்த்ததில் 80 கட்டு இருந்தது. 300-லிருந்து 220 போனால் 80. ஏட்டிலுள்ள எண்ணிக்கையும் கிடங்கிலுள்ள எண்ணிக்கையும் ஒத்திருக்கின்றன. இந்த ஒப்பீடு முடிந்த பின்னரே விலை போடத் தொடங்க வேண்டும்.

முதல் வரவு, முதல் செலவு

முதலாவது முறையின்படி, முதலில் வந்த சரக்கே முதலில் விற்றதாகக் கொள்கிறோம். அப்படியானால் கடைசியில் எஞ்சி நிற்பது கடைசியாக வந்த சரக்கே. இதற்கு, விற்பனைப் பட்டியல்களை ஒவ்வொன்றாகத் தொடர்ந்து செல்ல வேண்டியதில்லை. கொள்முதல் பட்டியல்களைக் கடைசியிலிருந்து பின்னோக்கிப் புரட்டி, இருப்பு எண்ணிக்கை நிறையும்வரை எடுத்துக்கொண்டால் போதும்.

நம் கடையில் நிறைய வேண்டியது 80 கட்டு. ஜனவரிப் பட்டியல் 60 கட்டுக்கு ரூ. 99,000. இன்னும் 20 கட்டு வேண்டும். அதற்கு அக்டோபர்ப் பட்டியலின் விலையில் ரூ. 31,000. ஆக இருப்பின் மதிப்பு ரூ. 1,30,000. மொத்த அடக்கம் ரூ. 4,56,000-லிருந்து இதைக் கழித்தால், விற்ற சரக்கின் அடக்கம் ரூ. 3,26,000. விற்பனை ரூ. 3,60,000 ஆதலால், மொத்த இலாபம் ரூ. 34,000.

இம்முறையில் இருப்பு மதிப்பு அண்மைக் கொள்முதல் விலையை ஒட்டி நிற்கும். ஐந்தொகையைப் பார்ப்பவருக்கு இது நன்மை. ஆனால் விலை ஏறும் ஆண்டில், ஏப்ரலில் மலிவாக வாங்கிய சரக்கின் அடக்கம் பின்னர் ஏறிய விலையில் நடந்த விற்பனையோடு ஒட்டப்படுவதால், இலாபம் சற்றுப் பெரிதாகத் தோன்றும். விலை இறங்கும் ஆண்டில் நேர்மாறாக, இலாபம் சிறுத்துத் தோன்றும்.

சராசரி விலை

இரண்டாவது முறையில் எந்தக் கட்டு எப்போது வந்தது என்ற கேள்வியே இல்லை. மொத்த அடக்கத்தை மொத்தக் கட்டுகளால் வகுக்கிறோம். ரூ. 4,56,000-ஐ 300-ஆல் வகுத்தால் கட்டு ஒன்றுக்கு ரூ. 1,520. இருப்பு 80 கட்டுக்கு ரூ. 1,21,600. விற்ற 220 கட்டின் அடக்கம் ரூ. 3,34,400. மொத்த இலாபம் ரூ. 25,600.

இங்கே இரண்டு செய்திகளைக் கவனிக்க வேண்டும். முதலாவது, சராசரி என்றால் பட்டியல் விலைகளைக் கூட்டிப் பட்டியல்களின் எண்ணிக்கையால் வகுப்பதன்று. 10 கட்டு ரூ. 1,400 வீதமும், 190 கட்டு ரூ. 1,600 வீதமும் வாங்கியவர், இரண்டு விலைகளையும் கூட்டி இரண்டால் வகுத்தால் ரூ. 1,500 வரும். உண்மையில் அவர் 200 கட்டுக்குக் கொடுத்தது ரூ. 3,18,000; ஆகவே சராசரி ரூ. 1,590. பத்துக் கட்டு வந்த பட்டியலுக்கும் நூற்றுத் தொண்ணூறு கட்டு வந்த பட்டியலுக்கும் ஒரே மதிப்பைக் கொடுத்ததால் வந்த பிழை இது. கட்டு ஒன்றுக்குத் தொண்ணூறு ரூபாய் காணாமற் போய்விடுகிறது.

இரண்டாவது, சராசரியிலேயே இரு வகை உண்டு. மேலே செய்தது ஆண்டு முழுவதற்கும் சேர்த்து ஒரே முறை கணக்கிடுவது. மற்றொன்று, ஒவ்வொரு கொள்முதல் வரும்போதும் அன்று கையிலுள்ள சரக்கோடு சேர்த்துப் புதிய சராசரி காண்பது. இதனை நகரும் சராசரி எனலாம். நம் கடையில் ஜூன் கொள்முதலுக்கு முன் 30 கட்டும், அதன் பின் அக்டோபர் வரை 80 கட்டும், அக்டோபருக்குப் பின் ஜனவரி வரை 80 கட்டும், கடைசியில் 30 கட்டும் விற்றதாகக் கொண்டு நகரும் சராசரி போட்டால், இறுதி இருப்பு ஏறத்தாழ ரூ. 1,27,500 ஆகிறது. ஆண்டுச் சராசரிக்கும் இதற்கும் ஏறத்தாழ ரூ. 5,900 வேறுபாடு. முதல் வரவு முறையில் இந்த இரட்டைத் தன்மை இல்லை. அவ்வப்போது கணக்கிட்டாலும் ஆண்டிறுதியில் கணக்கிட்டாலும் விடை ஒன்றே. ஆதலால் ‘எங்கள் கடையில் சராசரி முறை’ என்று எழுதி வைத்தால் மட்டும் போதாது. எந்தச் சராசரி என்றும் எழுத வேண்டும். கணினியில் கணக்கு வைப்போர் இதில் பின்னும் கவனமாக இருத்தல் வேண்டும். சென்ற ஆண்டு கையால் ஆண்டுச் சராசரி போட்டுவிட்டு, இவ்வாண்டு கணினி நகரும் சராசரி போட்டால், யாரும் அறியாமலே முறை மாறிவிடும்.

ரூ. 8,400 எங்கே போயிற்று?

முதல் வரவு முறையில் இலாபம் ரூ. 34,000, ஆண்டுச் சராசரி முறையில் ரூ. 25,600. வேறுபாடு ரூ. 8,400. இந்தப் பணம் எங்கிருந்து வந்தது, எங்கே போயிற்று?

கடையின் பெட்டியில் இரண்டு முறைக்கும் ஒரே பணந்தான் இருக்கிறது. முறையை மாற்றியதால் ஒரு கட்டு நூல் கூடுதலாக விற்கவுமில்லை. ஒரு ரூபாய் கூடுதலாக வரவுமில்லை. அடுத்த ஆண்டின் கணக்கைப் பார்த்தால் இது விளங்கும். அடுத்த ஆண்டில் நூல் விலை இறங்கிவிட்டது என்று கொள்வோம். 120 கட்டு ரூ. 1,500 வீதம் ரூ. 1,80,000-க்கு வாங்கி, பழைய 80 கட்டோடு சேர்த்து 200 கட்டையும் ரூ. 3,20,000-க்கு முழுவதும் விற்றுவிட்டனர். ஆண்டிறுதியில் இருப்பு இல்லை. முதல் வரவு முறையில் தொடக்க இருப்பு ரூ. 1,30,000, ஆகவே இலாபம் ரூ. 10,000. சராசரி முறையில் தொடக்க இருப்பு ரூ. 1,21,600, ஆகவே இலாபம் ரூ. 18,400.

இரண்டு ஆண்டுகளையும் கூட்டிப் பாருங்கள். முதல் வரவு முறையில் 34,000-உம் 10,000-உம் சேர்ந்து ரூ. 44,000. சராசரி முறையில் 25,600-உம் 18,400-உம் சேர்ந்து அதே ரூ. 44,000. முறை இலாபத்தை உண்டாக்குவதில்லை. ஓர் ஆண்டிலிருந்து மற்றோர் ஆண்டுக்கு நகர்த்துகிறது, அவ்வளவே.

அவ்வளவே என்றால் சண்டை எதற்கு என்று கேட்கலாம். இரண்டு ஆண்டுகளிலும் அதே இரு பங்காளிகள் இருந்தால் சண்டைக்கு இடமில்லை. ஆனால் முதலாண்டின் மார்ச்சு 31 அன்று தம்பி கூட்டிலிருந்து விலகித் தனியே தறி போட்டுக்கொள்வதாக வைத்துக்கொள்வோம். முதல் வரவு முறையில் அவருக்குச் சேரும் இலாபப் பங்கு ரூ. 17,000; சராசரி முறையில் ரூ. 12,800. அண்ணனுக்கோ, முதலாண்டில் தம் பங்கும் அடுத்த ஆண்டின் முழு இலாபமும் சேர்ந்து, முதல் வரவு முறையில் ரூ. 27,000, சராசரி முறையில் ரூ. 31,200. மொத்தம் மாறவில்லை, ஆனால் ரூ. 4,200 ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்கு மாறிவிட்டது. தம்பி முதல் முறையை விரும்புவதும் அண்ணன் இரண்டாவதை விரும்புவதும் இயற்கையே. இருவரும் தம் முறையே நியாயமானது என்று சொல்வர். இருவர் சொல்வதிலும் நியாயம் உண்டு.

இந்த வழக்கைத் தீர்க்க நூல் விலையை ஆராய்ந்து பயனில்லை. முந்திய ஆண்டுகளில் எந்த முறையைக் கையாண்டனரோ, அதுவே இவ்வாண்டுக்கும் உரியது. விலகும் நாளில் சரக்கைச் சந்தை விலைக்கு மதிப்பிட்டுப் பிரித்துக்கொள்வதென்று இருவரும் ஒப்பந்தம் செய்திருந்தால் அதன்படி நடக்கலாம். முந்திய முறையும் தெளிவாக இல்லை, ஒப்பந்தமும் இல்லை என்றால்தான் குடும்பத்துக்குள் மனத்தாங்கல் வருகிறது. பங்காளிப் பத்திரம் எழுதும்போது இலாபப் பங்கு எவ்வளவு என்று எழுத யாரும் மறப்பதில்லை. அந்த இலாபத்தை அளக்கும் படி எது என்று எழுதுவோர் சிலரே. ‘சரக்கிருப்பு இன்ன முறைப்படி மதிப்பிடப்படும்’ என்ற ஒரு வரி, பின்னால் வரும் பூசலைத் தடுக்கும்.

வருமான வரியிலும் இதே கதைதான். இலாபம் எந்த ஆண்டில் தோன்றுகிறதோ அந்த ஆண்டின் வரி மாறும். விற்றுமுதலில் குறித்த விகிதத்தை இலாபமாகக் காட்டி வரி செலுத்தும் சிறு வியாபாரிக்கு மட்டும், இருப்பு மதிப்பினால் வரியில் மாற்றமில்லை. ஆயினும் பங்காளியோடு பங்கு பிரிக்கவும், வங்கிக்குச் சரக்குக் கணக்குக் கொடுக்கவும் அவருக்கும் ஒரு முறை வேண்டியதே.

சந்தை விலை இறங்கிவிட்டால்

எந்த முறையானாலும் அதற்கு மேல் ஒரு வரம்பு உண்டு. அடக்க விலை, விற்றால் கைக்கு வரும் விலை ஆகிய இரண்டில் எது குறைவோ, அதையே இருப்பின் மதிப்பாக எழுத வேண்டும். கைக்கு வரும் விலை என்பது, விற்கக்கூடிய விலையிலிருந்து தரகும் வண்டிச் சத்தமும் போன்ற விற்பனைச் செலவுகளைக் கழித்தது.

நம் கடையில் மார்ச்சு இறுதியில் சந்தை தளர்ந்து, கட்டு ரூ. 1,580-க்குத்தான் விற்கலாம், விற்கும் செலவு ரூ. 30 என்று கொள்வோம். கைக்கு வருவது ரூ. 1,550, 80 கட்டுக்கு ரூ. 1,24,000. சராசரி முறையில் இருப்பு ரூ. 1,21,600, இது குறைவானதால் அப்படியே நிற்கும். முதல் வரவு முறையிலோ இருப்பு ரூ. 1,30,000; இதை ரூ. 1,24,000-ஆகக் குறைத்தாக வேண்டும். ஆகவே ரூ. 8,400 ஆக இருந்த வேறுபாடு ரூ. 2,400 ஆகச் சுருங்குகிறது. விலகும் தம்பி ரூ. 17,000 கேட்க இயலாது, ரூ. 14,000-தான் கேட்கலாம். அண்ணனும் தம்பியும் முறையைப் பற்றி வாதிடும் முன், இந்த வரம்பைக் கணக்கிட்டுப் பார்த்திருந்தால் பாதி வாதம் தானே அடங்கியிருக்கும்.

இந்த ஒப்பீட்டை ஒவ்வொரு சரக்குக்கும் தனித்தனியே செய்ய வேண்டும். 40-ஆம் நம்பரில் வரும் குறைவை, 60-ஆம் நம்பரில் விலை ஏறியிருப்பதைக் காட்டி ஈடுகட்டலாகாது. ஏறிய விலை விற்ற பிறகே இலாபமாகும். இறங்கிய விலையின் நட்டமோ இன்றே தெரிந்துவிட்டது.

எந்தச் சரக்குக்கு எந்த முறை?

இந்தியப் பட்டயக் கணக்கர் கழகத்தின் இரண்டாம் கணக்கியல் நெறி, ஒன்றுக்கொன்று மாற்றி விற்கத்தக்க சரக்குகளுக்கு இந்த இரண்டு முறைகளையுமே ஏற்கிறது. கடைசியில் வந்தது முதலில் விற்றதாகக் கொள்ளும் மூன்றாவது முறை ஒன்றும் முன்னர் வழங்கிவந்தது. 1999-இல் திருத்திய நெறியில் அதற்கு இடமில்லை. இரண்டில் எது உண்மைச் செலவுக்கு நெருங்கி வருகிறதோ, அதைக் கொள்க என்பதே நெறியின் கருத்து. அதனைத் தீர்மானிக்கச் சட்டப் புத்தகத்தைவிடக் கிடங்கே நல்ல வழிகாட்டி.

ஒரே ஆலையின் ஒரே நம்பர் வெள்ளை நூல், மாதம் நாலைந்து முறை சிறு சிறு அளவில் வந்து, ஒரே அடுக்கில் கலந்துவிடுகிறது. எந்தக் கட்டு எந்தப் பட்டியலைச் சேர்ந்தது என்று கடைக்காரருக்கே தெரியாது. விலையும் வாரத்துக்கு வாரம் ஏறி இறங்குகிறது. இத்தகைய சரக்குக்குச் சராசரி பொருந்தும். ஏற்ற இறக்கங்களைச் சமன்படுத்தி, ஒரு பட்டியலின் தற்செயலான விலையால் ஆண்டின் இலாபம் ஆடாமல் நிறுத்தும். பல பட்டியல்களின் நிலக்கடலையை ஒரே குவியலாகக் கொட்டி வைத்திருக்கும் மண்டிக் கடைக்கும் இதுவே எளிது.

ஆண்டில் நாலைந்து பெரிய கொள்முதல்கள் மட்டும் செய்து, மூட்டைகளில் தேதியிட்டு, பழையதை முன்னே இழுத்து விற்கும் கடைக்கு முதல் வரவு முறை பொருந்தும். காலாவதித் தேதி உள்ள பூச்சி மருந்து, விதை போன்றவற்றைப் பழையதிலிருந்து விற்றே தீர வேண்டும். அவற்றின் கணக்கும் அந்த வரிசையிலேயே செல்வது இயல்பு. இருப்பு எந்தப் பட்டியலைச் சேர்ந்தது என்று உடனே தெரிவதால், நாட்பட்டுத் தங்கிய சரக்கும் கண்ணில் படும். சராசரியில் அது மறைந்துவிடும்.

ஆனால் இரண்டுமே பொருந்தாத சரக்கும் உண்டு. ஒவ்வொன்றும் தனி வேலைப்பாடு கொண்ட பட்டுச் சேலைகளுக்குச் சராசரி போடுவது பொருளற்றது. ஜரிகை மிகுந்த சேலையும் எளிய சேலையும் சேர்ந்து வரும் சராசரி, எந்தச் சேலையின் விலையும் அன்று. அங்கே ஒவ்வொரு சேலைக்கும் சீட்டுக் கட்டி, அதன் அடக்கத்தையே எழுத வேண்டும். மஞ்சளில் விரலியையும் கிழங்கையும் கலந்து சராசரி போடுவதும் இத்தகைய பிழையே. முதலில் இனத்தைப் பிரித்து, அதன் பின்னரே முறையைக் கையாள வேண்டும்.

ஆகவே ஒரே கடையில் வெள்ளை நூலுக்குச் சராசரியும், காலாவதித் தேதியுள்ள சரக்குக்கு முதல் வரவும் இருப்பதில் குற்றமில்லை. ஒரே இனச் சரக்குக்கு இவ்வாண்டு ஒன்று, அடுத்த ஆண்டு வேறொன்று என்றிருப்பதே குற்றம்.

முறை மாறியதை எப்படிக் கண்டுகொள்வது?

முறையை மாற்றவே கூடாது என்பதில்லை. வியாபாரத்தின் தன்மை மாறினால் மாற்றலாம். வருமான வரிக் கணக்கீட்டுக்காக மைய அரசு 2016-இல் அறிவித்த நெறியும், தக்க காரணமின்றி மாற்றலாகாது என்றே கூறிற்று. மாற்றினால், காரணத்தையும், மாற்றத்தால் இலாபம் எவ்வளவு கூடிற்று அல்லது குறைந்தது என்பதையும் அவ்வாண்டுக் கணக்கிலேயே எழுதிக் காட்ட வேண்டும். சொல்லாமல் மாற்றியதைக் கண்டுகொள்ள மூன்று சோதனைகள் போதும்.

ஒன்று: சென்ற ஆண்டின் இறுதி இருப்பும் இவ்வாண்டின் தொடக்க இருப்பும் ஒரே தொகையாக இருத்தல் வேண்டும். தொடக்க இருப்பை மட்டும் புதிய முறையில் திருத்தி எழுதினால், இடையிலுள்ள தொகை எந்த ஆண்டின் இலாபத்திலும் சேராமல் மறைந்துவிடும்.

இரண்டு: இருப்புப் பட்டியலில் உள்ள விலையைக் கடைசிக் கொள்முதல் பட்டியலோடு ஒத்துப் பாருங்கள். முதல் வரவு முறை என்று சொல்லும் கடையில், இருப்பின் விலைகள் ஏதேனும் ஒரு பட்டியலில் அப்படியே இருக்க வேண்டும். ரூ. 1,520 என்ற விலை எந்தப் பட்டியலிலும் இல்லையென்றால், அது சராசரி.

மூன்று: விற்பனையில் மொத்த இலாபம் நூற்றுக்கு எவ்வளவு என்று ஆண்டுதோறும் ஒத்துப் பாருங்கள். நம் கடையில் அது முதல் வரவு முறையில் ஏறத்தாழ 9.4, சராசரியில் ஏறத்தாழ 7.1. விற்கும் விலையிலும் வாங்கும் விலையிலும் பெரிய மாற்றமில்லாத ஆண்டில் இவ்விகிதம் திடீரெனத் தாவினால், முதலில் பார்க்க வேண்டியது இருப்புப் பட்டியலையே.

கூட்டு வியாபாரம் செய்யும் அங்கத்தினர்கள் செய்ய வேண்டியது சிறிய காரியந்தான். இனம் இனமாக எந்த முறை, சராசரியாயின் ஆண்டுச் சராசரியா நகரும் சராசரியா, எச்செலவுகள் அடக்கத்தில் சேரும் என்ற மூன்றையும் பேரேட்டின் முதற் பக்கத்தில் எழுதி, பங்காளிகள் எல்லோரும் கையெழுத்திட்டு வைத்தல் வேண்டும். அதை எழுதுவதற்கு உரிய காலம், நூல் விலை ஏறுமா இறங்குமா என்று யாருக்கும் தெரியாத ஏப்ரல் மாதமே. மார்ச்சு இறுதியில், எந்த முறை யாருக்கு எவ்வளவு கொடுக்கும் என்று தெரிந்த பிறகு உட்கார்ந்தால், பேச்சு முறையைப் பற்றியதாக இராது. பணத்தைப் பற்றியதாகவே இருக்கும்.